வாரம் ஒரு காய்ப்பெட்டி: சந்தா கட்டும் முன்பு

"எங்கள் தோட்டத்திலிருந்து உங்கள் வாசலுக்கு. நூறு சதவீதம் இயற்கை. வாரம் ஒரு பெட்டி." புறநகர் அடுக்ககங்களின் வாட்ஸப் குழுக்களில் இப்படியொரு அறிவிப்பு அடிக்கடி வந்து விழுகிறது. கூடவே ஒரு படம் இருக்கும். கேரட், பீட்ரூட், காலிஃபிளவர், குடமிளகாய், தக்காளி எல்லாம் பளபளவென்று ஒரே கூடையில். தோட்டம் திருப்போரூர் பக்கம் என்பார்கள், மாதமோ சித்திரை. அந்த வெயிலில், அந்த மண்ணில் கேரட் எப்படி விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். ஏனென்றால் காய்ப்பெட்டிச் சந்தா என்பது கடையில் காய் வாங்குவதைப் போன்ற ஏற்பாடு இல்லை. கடைக்காரர் விற்பது ஊரெங்கும் விளைந்து சந்தைக்கு வந்த காயை. பெட்டி அனுப்புகிறவர் விற்பது அந்த ஒரு தோட்டத்தில் அந்த வாரம் பறித்ததை. முன்பணம் கட்டுகிறவர் அடுத்த மூன்று மாத விளைச்சலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். விளைந்தால் நிறைய வரும், மழை அடித்தால் குறைய வரும். ஜப்பானில் 1970களில் பரவிய 'தெய்க்கே' முறையும் அமெரிக்காவில் 1980களின் நடுவில் தொடங்கிய சமூக ஆதரவு வேளாண்மையும் இந்த ஒப்பந்தத்தின் மேல் நின்றவைதாம். ஜப்பானில் அதை முன்னெடுத்தவர்களில் பெரும் பங்கு இல்லத்தரசிகளுக்கு உண்டு. பூச்சிமருந்தும் கலப்படமும் பற்றிய பயத்தில் உழவர்களை நேரே தேடிப் போய்ப் பேசியவர்கள் அவர்கள்.

நம்மூர்த் தோட்டம் ஒன்றில் இது எப்படி நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருப்போரூருக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். கேளம்பாக்கம், நாவலூர் பக்கத்தில் நாற்பது வீடுகள். வீட்டுக்கு வாரம் ஐந்து கிலோ காய், இரண்டு கட்டுக் கீரை. பெட்டி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 200 கிலோ காயும் எண்பது கட்டுக் கீரையும் வேண்டும்.

கீரையில் தொடங்குவது சுலபம். முளைக்கீரை விதைத்து இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். கட்டு கால் கிலோ என்றால் எண்பது கட்டுக்கு இருபது கிலோ. நன்றாக வந்த பாத்தியில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ எடுக்கலாம், ஆக அரை சென்ட் போதும். பாதி கெட்டாலும் பரவாயில்லை என்று ஒரு சென்ட் விதைப்பது நல்லது. சங்கதி அந்த ஒரு சென்ட்டில் இல்லை. அதை ஒவ்வொரு வாரமும் விதைக்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. இந்த வாரம் விதைக்க மறந்தால் இந்த வாரம் ஒன்றும் தெரியாது. நான்காவது வாரம் பெட்டியில் கீரை இருக்காது. இயற்கை விவசாயத்தில் நல்ல கைதேர்ந்தவர்கள்கூடப் பெட்டி வியாபாரத்தில் தடுமாறுவது இங்கேதான். சந்தைக்கு விளைவிக்கிறவருக்கு ஒரே பட்டத்தில் மொத்தமாக விதைத்து மொத்தமாக அறுப்பது லாபம். பெட்டிக்கு விளைவிக்கிறவர் எதையும் மொத்தமாக விதைக்கக் கூடாது.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு அரைக் கிலோ, நாற்பது வீட்டுக்கு வாரம் இருபது கிலோ. வெண்டை விதைத்த நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதம் காய்க்கும். ரசாயன உரமில்லாமல் சென்ட்டுக்கு மொத்தம் முப்பது கிலோ கிடைக்கும் என்று கையை இறுக்கியே கணக்கிட்டால், வாரத்துக்குச் சென்ட்டுக்கு நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு சென்ட் இருந்தால் இருபது கிலோ தேறிவிடும். முதல் ஆறு சென்ட் காய்த்து ஓய்வதற்குள் அடுத்த ஆறு சென்ட் காய்ப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பதால் ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக விதைத்துக்கொண்டே போக வேண்டும். இப்படித்தான் கத்தரி, கொத்தவரை, புடலை, பீர்க்கு, அவரை என்று ஒவ்வொன்றுக்கும். எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் அந்த ஒன்றரை ஏக்கரில் பாதிக்கும் குறைவான இடம்தான் காய்த்துக்கொண்டிருக்கும். மீதியில் நாற்று நிற்கும், பூ விட்டிருக்கும், இல்லையென்றால் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழக் காத்திருக்கும். நாற்பது வீட்டுக்கு ஒன்றரை ஏக்கர் தேவைப்படுவது இதனால்தான். ஒரு ஏக்கரில் இருநூறு வீட்டுக்குப் பெட்டி அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் எங்கிருந்தோ வாங்கிப் போடுகிறார் என்று அர்த்தம்.

வெண்டைக்கு இன்னொரு குணம் உண்டு. பூ உதிர்ந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பக்குவம். அதற்குமேல் இரண்டு நாள் விட்டால் முற்றி நார் ஏறிவிடும். நுனியை ஒடித்தால் ஒடியாது, வளையும். அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தே தீர வேண்டும். பறிக்காமல் விட்டால் முற்றிய காய் செடியின் சத்தை இழுத்துக்கொண்டு புதுப் பூ வைப்பதைக் குறைத்துவிடும். பெட்டியோ வாரம் ஒருமுறை போகிறது. சனிக்கிழமை எல்லாருக்கும் அனுப்புவதாக வைத்தால் சனிக்கிழமைப் பறிப்பு மட்டுமே பெட்டிக்குப் போகும். திங்களும் வியாழனும் பறித்ததை என்ன செய்வது?

இதற்குத்தான் வீடுகளை இரண்டாகப் பிரிக்கிறார்கள். இருபது வீட்டுக்குச் செவ்வாய், இருபது வீட்டுக்கு வெள்ளி. இரண்டு பறிப்பு பெட்டிக்குப் போய்விடும். வெள்ளிக்கும் அடுத்த செவ்வாய்க்கும் இடையில் நாலு நாள் விழுவதால் ஞாயிறன்று ஒரு பறிப்பு வேண்டும். அது உள்ளூர்க் கடைக்கோ வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்கோ உழவர் சந்தைக்கோ போகும். சந்தாதாரருக்கு இது தெரியாது. "எங்களுக்கும் சனிக்கிழமை அனுப்பக் கூடாதா, அன்றைக்குத்தான் வீட்டில் இருப்போம்" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாருக்கும் சனிக்கிழமை என்று ஒப்புக்கொள்கிற தோட்டம் இரண்டு நாள் பழைய வெண்டையைக் கலந்து போடும், அல்லது நஷ்டப்படும்.

பறிப்பு நாளில் விடியற்காலை நாலரை மணிக்கே வேலை தொடங்கிவிடும். முதலில் கீரை. வெயில் ஏறினால் இலை துவண்டுவிடும், ஒருமுறை துவண்ட கீரை தண்ணீர் தெளித்தாலும் முழுசாக நிமிராது. வேரோடு பிடுங்கி, வேர்மண்ணை உதறி, கட்டி, நனைத்த கோணிச் சாக்கில் நிற்க வைப்பார்கள். அடுத்தது வெண்டை. சுனை குத்துமென்று முழங்கை வரை பழைய சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு பறிப்பார்கள். கத்தரியைக் காம்போடு வெட்ட வேண்டும். கடைசியாகத் தக்காளி, அதுவும் முழுப் பழமாக அல்ல, நிறம் திரும்பிய செங்காயாக. அடுக்கும்போது சுரை, பூசணி அடியில், அதன்மேல் கத்தரி, கொத்தவரை, தக்காளி மேலே, கீரை வாழையிலையில் சுற்றித் தனியாக. செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. 'இயற்கை' என்று எழுதிவிட்டுத் தினசரித் தாளில் கீரையைச் சுருட்டி அனுப்பும் தோட்டங்கள் இதைக் கவனித்தால் நல்லது.

வாங்கிய வீட்டில் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. கீரையை அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். தக்காளி, வாழைக்காய் இரண்டையும் கீரைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழுக்கும் காயிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கிவிடும். வெண்டையைக் கழுவாமல் துணிப்பையில் போட்டு வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும், ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் மறுநாளே வழவழத்துவிடும்.

தோட்டக்காரரும் சந்தாதாரரும் சண்டை போட்டுக்கொள்வது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடும். நாலு நாள் விடாமல் பெய்தால் முளைக்கீரை பாத்தியிலேயே அழுகும், தக்காளிப் பூ உதிரும், வெண்டை வேரில் தண்ணீர் நின்று செடி மஞ்சளடிக்கும். சந்தாப் பணம் முன்னமே வாங்கியாகிவிட்டது. இப்போது பெட்டியில் எதைப் போடுவது?

இதை எதிர்பார்த்த தோட்டத்தில் அதற்கான ஏற்பாடு ஆடியிலேயே தொடங்கியிருக்கும். ஓரத்தில் வாழை நிற்கும். காய், பூ, தண்டு மூன்றும் கைகொடுக்கும். முன்னமே பறித்த சர்க்கரைப் பூசணியும் சாம்பல் பூசணியும் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரத்தி வைத்திருப்பார்கள். காம்பு ஒட்டியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. பப்பாளிக் காய், கோவைக்காய், ஈரத்துக்கு அஞ்சாத பொன்னாங்கண்ணி, வல்லாரை, வேலியோரத்து முருங்கைக்கீரை. பெட்டி நிறைந்துவிடும், ஆனால் தக்காளி இருக்காது. தக்காளி இல்லாத பெட்டியைத் திறந்து பார்த்து "என்ன இது, வாழைத்தண்டும் பூசணியும்?" என்று முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த மூன்று மாதத்துக்குச் சந்தா கட்டுவதில்லை. சித்திரை, வைகாசியில் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கும். இரவிலும் வெக்கை குறையாத நாட்களில் தக்காளிப் பூ காயாகாமல் உதிரும். சுரையும் பீர்க்கும் மட்டும் விடாமல் காய்க்கும். மூன்று வாரம் தொடர்ந்து சுரைக்காய் வந்தால் எந்த வீட்டிலும் அலுப்புத் தட்டும். நல்ல தோட்டங்கள் வண்டியில் ஒரு மாற்றுக் கூடை வைத்திருப்பார்கள். வேண்டாத ஒன்றைப் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சின்ன விஷயம்தான், ஆனால் பாதிச் சந்தாவைக் காப்பாற்றுவது அந்தக் கூடைதான் என்பேன்.

கேரட், பீன்ஸ், பீட்ரூட் பற்றி ஒரு வார்த்தை. இவை ஊட்டி, கொடைக்கானல் மலைக்காய்கள். சமவெளியில் கார்த்திகை, மார்கழிக் குளிரில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கொஞ்சம் பீட்ரூட் எடுக்கலாம். வருடம் முழுக்க முடியாது. பல தோட்டங்கள் மலையில் உள்ள இன்னொரு இயற்கை உழவரிடம் வாங்கிப் பெட்டியில் சேர்க்கின்றன. அதில் தவறே இல்லை, எது வாங்கியது, யாரிடம் வாங்கியது என்று சீட்டில் எழுதினால் போதும். எழுதாமல் ஐம்பத்திரண்டு வாரமும் கேரட் வருகிறதென்றால் நீங்கள் சந்தா கட்டியிருப்பது தோட்டத்துக்கு இல்லை, ஒரு காய்கறிக் கடைக்கு.

'இயற்கை' என்ற சொல்லுக்கு வருவோம். காயில் புழு ஓட்டை இருந்தால் மருந்தடிக்காத காய் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தப்பு. கத்தரியின் தண்டு, காய்த் துளைப்பான் முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் உள்ளே புகுந்துவிடும். அதன்பின் வெளியே எவ்வளவு மருந்து அடித்தாலும் அதற்கு எட்டாது. அதனால்தான் கத்தரிக்கு வாரத்துக்கு இரண்டு முறை மருந்தடித்தும் புழு விழுந்த காய் வருகிறது. ஓட்டை மருந்தடித்த காயிலும் இருக்கும், அடிக்காத காயிலும் இருக்கும். ருசி, மணம், பளபளப்பு எதை வைத்தும் எச்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். மருந்தில்லாமல் சமாளிக்கிறவர் வாடிய குருத்தைக் கண்டவுடன் கிள்ளி எடுத்து எரிப்பார், இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிடுவார், ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து ஊறவைத்த சாற்றை நூறு லிட்டராக்கித் தெளிப்பார். இவை தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியும். கத்தரிக் கொல்லையில் பொறியும் இல்லை, கிள்ளிய குருத்தும் இல்லை, காயிலும் பூச்சியில்லை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காகிதத்தில் சான்று இரண்டு வழியில் வரும். ஒன்று ஏற்றுமதிக்கும் பயன்படும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். தமிழ்நாட்டில் கோவையில் இதற்கென அரசே 2007-இல் அங்ககச் சான்றளிப்புத் துறையைத் தொடங்கியது. காய்கறி போன்ற ஓராண்டுப் பயிர் நிலத்துக்கு மாறும் காலமே இரண்டு ஆண்டு. மற்றொன்று பி.ஜி.எஸ். இந்தியா. குறைந்தது ஐந்து உழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை. செலவு மிகக் குறைவு. மாறிக்கொண்டிருக்கும் நிலத்துக்கு 'பி.ஜி.எஸ். கிரீன்', முழுதும் மாறியதற்கு 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. போன வருடம் வரை யூரியா போட்ட நிலம் இந்த வருடம் 'நூறு சதவீதம்' ஆகிவிடாது.

சான்றே இல்லாவிட்டால் விற்கக் கூடாதா என்றால், விற்கலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் கொண்டுவந்த அங்கக உணவு விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்ட சிறு உழவர் நுகர்வோருக்கு நேரடியாக விற்பதற்குச் சான்றிலிருந்து விலக்குத் தந்தன. ஆனால் அங்கக முத்திரையைப் போட முடியாது. நம் கணக்குத் தோட்டத்தைப் பாருங்கள். நாற்பது வீடு, வாரம் 500 ரூபாய், ஆண்டுக்கு 10 லட்சத்து 40 ஆயிரம். விலக்குக்குள் அடங்கிவிடும். ஐம்பது வீடானால் 13 லட்சம், எல்லையைத் தாண்டிவிடும். நாற்பது வீட்டுத் தோட்டம் சான்றில்லாமல் இருப்பதில் குற்றமில்லை. சான்றில்லாமல் முத்திரையைப் போட்டிருந்தால் குற்றம்.

ஆக, ஒரு தோட்டம் தன் பெட்டியைப் பற்றி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எழுதும்போது என்ன எழுத வேண்டும்? என்னைக் கேட்டால் இப்படி எழுதச் சொல்வேன்.

"திருப்போரூர்த் தோட்டத்து வாரப்பெட்டி. கேளம்பாக்கம், நாவலூர், சிறுசேரி வீடுகளுக்கு மட்டும். எங்கள் ஒன்றரை ஏக்கரில் விளைந்த காய் ஐந்து அல்லது ஆறு வகை, சுமார் ஐந்து கிலோ, கீரை இரண்டு கட்டு. என்ன வரும் என்று முதல் நாள் மாலை சொல்வோம். பிடிக்காத ஒன்றை வண்டியில் மாற்றிக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு 6,500 ரூபாய், முன்பணம். ஊருக்குப் போனால் இரண்டு நாள் முன்பு சொல்லுங்கள், அந்த வாரத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் தக்காளியும் முளைக்கீரையும் இருக்காது. வாழையும் பூசணியும் அதிகம் வரும். மலைக்காய் வெளியிலிருந்து வாங்கினால் சீட்டில் எழுதுவோம். ரசாயன உரமும் மருந்தும் நிறுத்தி இது மூன்றாம் ஆண்டு, பி.ஜி.எஸ். குழுவில் இருக்கிறோம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை யாரும் வந்து பார்க்கலாம்."

இதில் 'தூய்மை', 'ஆரோக்கியம்', 'பாரம்பரியம்' எதுவுமில்லை. ஆனால் எடை, நாள், பணம், இல்லாத மாதம் எல்லாம் இருக்கிறது. சொல்லாத ஒன்றுக்காகப் பின்னால் யாரும் கோபித்துக்கொள்ள இடமிருக்காது.

பணம் கட்டும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் வாருங்கள். தை மாதம் போகாதீர்கள், அப்போது எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும், ஐப்பசியில் போங்கள். காய்த்து நிற்கும் செடிகளை அதிக நேரம் பார்க்க வேண்டாம். இந்த வாரம் விதைத்த பாத்தி எது, போன வாரம் விதைத்தது எது என்று கேளுங்கள். காட்டினால் பணத்தைக் கட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால் அடுத்த மாதப் பெட்டி கோயம்பேட்டிலிருந்துதான் வரும். அதை நீங்களே போய்க் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.